கணக்கு அழிந்தால் வீட்டு முகவரியும் அழிய வேண்டும்: டாக்ஸி, ஆட்டோ ஆப் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

டாக்ஸி, ஆட்டோ புக்கிங் ஆப் நடத்தும் நிறுவனங்களின் குறைதீர்ப்பு அலுவலர்களுக்கும், அந்த ஆப்களின் திரைகளை வடிவமைப்பவர்களுக்கும்,

வணக்கம்.

சென்னை மடிப்பாக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். சிம் மாற்ற, டெம்பர்டு கிளாஸ் ஒட்ட, பழைய போனை விற்க என்று வருகிறவர்களில் பலர் கிளம்பும்போது இன்னொரு உதவியும் கேட்பார்கள். "அண்ணே, இந்த டாக்ஸி ஆப்ல இருந்து என் டீடெய்ல் எல்லாத்தையும் எடுத்துவிட்டுடுங்க." கேட்பது சின்ன வேலை போலத் தெரியும். உட்கார்ந்து செய்து பார்த்தால் அது ஒரு வேலை இல்லை, மூன்று வேலை. வீடு, ஆபீஸ் என்று சேமித்து வைத்த முகவரிகள் தனி. கார்டு, வாலட், யுபிஐ தனி. இதுவரை போய்வந்த பயணங்களின் வரலாறு தனி. உங்கள் ஆப்பில் இருக்கும் ஒரே ஒரு 'Delete account' பட்டன் இந்த மூன்றையும் சேர்த்து முடித்துவிடும் என்று வாடிக்கையாளர் நம்புகிறார். நீங்களும் அவரை அப்படியே நம்ப விடுகிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில், பெரும்பாலானவர்கள் அந்தப் பட்டன் வரைக்கும் போவதே இல்லை. ஆப்பை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு வேலை முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள். போனிலிருந்து போனது ஆப் மட்டும்தான். கணக்கு உங்கள் சர்வரில் அப்படியே இருக்கிறது. அதற்குப் பூட்டு என்று இருப்பது கைபேசி எண்ணும் அதற்கு வரும் ஓடிபியும் மட்டும். பாஸ்வேர்டு கிடையாது, பல ஆப்களில் மின்னஞ்சல் சரிபார்ப்பும் கிடையாது. வேகமாக உள்ளே வரட்டும் என்று நீங்கள் செய்த ஏற்பாடு இது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த எண் கைமாறினால் கணக்கும் கைமாறும்.

எண் கைமாறுவது அரிதான விஷயமா என்றால், இல்லை. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணையும், வேண்டாம் என்று ஒப்படைத்த எண்ணையும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் குறைந்தது 90 நாள் சும்மா வைத்திருந்துவிட்டு வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்ன கணக்கு இது. மூன்று மாதம் கழித்துப் புது சிம் வாங்குகிறவர் உங்கள் ஆப்பைப் போட்டு எண்ணைத் தட்டினால் ஓடிபி அவருக்குத்தான் வரும். உள்ளே போனதும் முன்பின் தெரியாத ஒருவரின் 'Home' அங்கே இருக்கும்.

ஆபீஸ் சிம்மில் அந்த 90 நாள்கூடக் கிடையாது. நான் இந்த மடல் எழுத உட்கார்ந்ததே அப்படி ஒரு விஷயத்தைப் பார்த்த பிறகுதான்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருந்த ஒரு அக்கா. சிறுசேரியில் வேலை. வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்குக் குடிபோகிறார்கள். கம்பெனி கொடுத்த சிம்மைக் கடைசி நாளில் திருப்பிக் கொடுத்தால்தான் நோ டியூஸ் கையெழுத்து ஆகும். அந்தச் சிம் அலமாரியில் தூங்கப் போவதில்லை, அவர் இடத்துக்கு வருகிற அடுத்த ஆளுக்குப் போகும். அந்த ஆளும் சிறுசேரிக்கு வண்டி புக் செய்யத்தானே போகிறார்? இத்தனை வருடமும் அக்கா எல்லாப் பயணத்தையும் அந்த எண்ணில்தான் புக் செய்திருக்கிறார். இரவு ஷிப்ட் முடிந்து வந்தது, மருத்துவமனைக்குப் போனது, அம்மா வீட்டுக்குப் போனது, எல்லாம் அதில்தான். "தம்பி, வெள்ளிக்கிழமைக்குள்ள இதை முடிச்சுக் கொடு" என்று போனை மேசையில் வைத்தார்.

சேமித்த இடங்களைத் திறந்தோம். ஹோம் என்று அடுக்குமாடியின் பெயர், பிளாக், கதவு எண் வரைக்கும். வொர்க் என்று சிறுசேரி அலுவலகம், எந்த கேட் என்பது உட்பட. அதற்குக் கீழே அவரே பெயர் போட்டு வைத்த இரண்டு: 'அம்மா வீடு', 'க்ரெஷ்'. குழந்தையை எந்தக் காப்பகத்தில் விடுகிறார் என்பது ஒரு வாடகை வண்டி ஆப்பில் இருக்கிறது. அவருக்கே அது மறந்துபோயிருந்தது. பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

ஒவ்வொன்றாக அழித்தோம். ஹோம் போய்விட்டது, அந்த இடத்தில் 'Add home' என்று வெறுமையாக வந்தது. சரி என்று முகப்புத் திரைக்கு வந்து, எங்கே போக வேண்டும் என்று கேட்கும் கட்டத்தைத் தொட்டால், கடிகாரக் குறியோடு முதல் வரியில் அதே அடுக்குமாடியின் பெயர். இரண்டாவது வரியில் அந்த க்ரெஷ். இவை சேமித்த இடங்கள் இல்லையாம், 'சமீபத்திய இடங்கள்'. பயண வரலாற்றிலிருந்து உங்கள் ஆப் தானாக எடுத்துக் காட்டுவது. அதில் சிலவற்றைத் தள்ளி நீக்க முடிந்தது. நீக்கியவற்றில் ஒன்று ஆப்பை மூடித் திறந்ததும் திரும்பி வந்தது.

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. ஹோம் என்பது நாங்கள் ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டும். சீட்டைக் கிழித்தாலும் வீடு பயண வரலாற்றில் நூறு தடவை எழுதப்பட்டிருக்கிறது. காலை எட்டு மணிவாக்கில் தினமும் ஏறும் இடமும், இரவில் கடைசியாக இறங்கும் இடமும் எதுவென்று பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட இது வீடு, அது ஆபீஸ் என்று சொல்லிவிடும். "பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டுத்தான் வைத்திருக்கிறோம்" என்று உங்கள் தனியுரிமைக் கொள்கையில் எழுதியிருப்பீர்கள். 2009-இல் பிலிப் கோல், கர்ட் பாட்ரிட்ஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் வேலைக்குப் போகிறவர்களின் வீடு, வேலையிடம் ஆகிய இரண்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். இரண்டு இடமும் தெரு அளவுக்குத் துல்லியமாகத் தெரிந்தால், அதே ஜோடி உள்ளவர்களின் எண்ணிக்கை பாதிப் பேருக்காவது வெறும் 1. அதாவது அவர் மட்டும்தான். துல்லியத்தைச் சில ஆயிரம் பேர் வாழும் வட்டாரம் என்று தளர்த்தினாலும் பாதிப் பேருக்கு அந்த எண்ணிக்கை 21-க்கு மேல் போவதில்லை. மாவட்டம் போன்ற பெரிய பரப்புக்குப் போனால்தான் 34,980 பேர் கூட்டத்தில் ஒருவர் ஒளிந்துகொள்ள முடிகிறது. பெயரை நீக்குவதால் ஒன்றும் ஆகாது, இடத்தின் துல்லியத்தைக் குறைத்தால்தான் ஆகும் என்பது அந்த எண்களிலேயே தெரிகிறது. உங்கள் ஆப்பில் இருப்பது தெரு அளவுகூட இல்லை, கதவு எண் அளவு.

மீண்டும் அக்காவின் போனுக்கு வருகிறேன். கணக்கை அழிக்கும் இடம் 'ஹெல்ப்' பகுதியில் இருக்கும் என்று தேடினோம், இல்லை. செட்டிங்ஸ், அதற்குள் பிரைவசி, அதற்குள் இன்னொரு பக்கம். ஓடிபி கேட்டது, கொடுத்தோம். ஏன் போகிறீர்கள் என்று காரணப் பட்டியல் வந்தது, ஒன்றைத் தட்டினோம். பிறகு முடியாது என்றது. எப்போதோ ரத்து செய்த ஒரு பயணத்துக்கான கட்டணம் நிலுவையில் இருக்கிறதாம். அதைக் கட்டும் வழி அந்தத் திரையில் இல்லை. வெளியே வந்து, பேமென்ட் பகுதிக்குப் போய், யுபிஐயில் கட்டிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து. நிலுவையை வசூலிப்பது உங்கள் உரிமை. அதை அதே திரையில் கேட்டு வாங்கியிருக்கலாமே என்பதுதான் என் கேள்வி. பாதிப் பேர் இந்த இடத்தில் சலித்துப்போய் ஆப்பை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

கடைசியில் வந்த வரிதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கணக்கு இப்போது முடக்கப்படும், 30 நாள் கழித்து நிரந்தரமாக அழிக்கப்படும், அதற்குள் மனம் மாறினால் உள்நுழைந்தால் போதும், எல்லாம் திரும்பக் கிடைக்கும். நல்ல எண்ணத்தில் கொடுத்த அவகாசம், ஒத்துக்கொள்கிறேன். கோபத்தில் அழித்துவிட்டு மறுநாள் தேடுகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் அக்காவின் சிம் வெள்ளிக்கிழமை கைமாறுகிறது. திங்கட்கிழமை புது ஆள் அதே எண்ணைப் போட்டு, வந்த ஓடிபியைத் தட்டினால், அழித்தல் ரத்தாகி அக்காவின் கணக்கு அவர் கையில் உயிர்பெறும். அவர் தவறான எண்ணத்தோடு எதுவும் செய்ய வேண்டியதில்லை, வண்டி புக் செய்ய நினைத்தாலே போதும். நிரந்தரமாக அழிக்கச் சொன்னவரின் வீடும் குழந்தையின் க்ரெஷும் முன்பின் தெரியாத ஒருவர் திரையில் வந்து நிற்கும்.

அதனால் உடனே அழிக்காமல் வரிசையை மாற்றிப் போட்டோம். முதலில் கணக்கின் கைபேசி எண்ணை அக்காவின் சொந்த எண்ணுக்கு மாற்ற முயன்றோம். "இந்த எண்ணில் ஏற்கெனவே கணக்கு உள்ளது" என்று வந்தது. எப்போதோ சொந்த எண்ணிலும் ஒரு கணக்கு திறந்து மறந்திருக்கிறார். அதை அழித்தால் அந்த எண்ணும் 30 நாள் சிக்கிக்கொள்ளும். வீட்டில் இன்னொரு எண் இருந்ததால் அதற்கு மாற்றினோம், அதன் பிறகு அழிக்கக் கொடுத்தோம். இன்னொரு எண் இல்லாதவர் என்ன செய்வார்? சேமித்த இடங்களைக் கையால் அழித்துவிட்டு, மீதியை 30 நாளுக்குக் கடவுளிடம் ஒப்படைக்க வேண்டியதுதான்.

சிம் மாற்றப் போகிறவர்களிடம் நான் இப்போது இந்த வரிசையைத்தான் சொல்கிறேன். எண்ணை முதலில் மாற்று, இடங்களையும் பணம் கட்டும் வழிகளையும் நீயே நீக்கு, பிறகு கணக்கை அழி, சிம்மை எல்லாவற்றுக்கும் கடைசியில் கொடு. 30 நாளுக்கு அந்தப் பக்கமே போகாதே. சாப்பாடு ஆர்டர் செய்யும் ஆப் அதே நிறுவனத்தின் கணக்கில் ஓடினால் அதையும் திறக்காதே, அதில் நுழைந்தாலும் அழித்தல் ரத்தாகலாம். இத்தனையும் ஒரு செல்போன் கடைக்காரன் வாயால் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? உங்கள் திரையில் நான்கு வரி எழுத இடமில்லையா?

பணம் பக்கம் வருவோம். இதில் ஜனங்களுக்கு இருக்கும் பயம் பெரும்பாலும் தவறான இடத்தில் இருக்கிறது. "கார்டு நம்பர் அவங்ககிட்ட இருக்கு" என்பார்கள். இல்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் முழுக் கார்டு எண்ணை உங்களைப் போன்ற நிறுவனங்கள் வைத்திருக்கக் கூடாது. கார்டு எண்ணுக்குப் பதிலாகக் கார்டு நெட்வொர்க்கோ வங்கியோ கொடுக்கும் மாற்றுக் குறியீடான டோக்கன் மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் உங்கள் நிறுவனத்துக்கு மட்டும் செல்லும் டோக்கன். திரையில் தெரிவது கடைசி நான்கு இலக்கம். அதோடு, உள்நாட்டுப் பயணத்துக்கு அந்தக் கார்டில் பணம் எடுக்க வழக்கமாக ஓடிபி வேண்டும். எண் கைமாறினால் வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்கு வருகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. அக்கா வங்கியில் சொந்த எண்ணைத்தான் கொடுத்திருந்தார், நல்லவேளை.

கார்டில் நான் பார்க்கும் சிக்கல் வேறு. ஆப்பில் கார்டை நீக்காமல் நேரடியாகக் கணக்கை அழித்தால் அந்த டோக்கன் என்ன ஆகிறது என்பது எந்தத் திரையிலும் இல்லை. டோக்கனை ரத்து செய்யும் வழியை வணிக நிறுவனமும் தர வேண்டும், கார்டு கொடுத்த வங்கியும் தர வேண்டும், எந்தெந்த நிறுவனத்தில் டோக்கன் இருக்கிறது என்ற பட்டியலை வங்கி காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. அக்காவின் வங்கி ஆப்பில் அந்தப் பட்டியலைத் திறந்தோம். உங்களுக்குப் போட்டியாளரான, அவர் எப்போதோ கைவிட்ட இன்னொரு வண்டி ஆப்பின் பெயரும் அதில் இருந்தது. ஆப் போனில் இல்லை, டோக்கன் உயிரோடு இருக்கிறது. அங்கேயே ரத்து செய்தோம், ஒரு தட்டில் முடிந்தது. வங்கி ஒரு தட்டில் செய்வதை நீங்கள் கணக்கு அழியும்போது தானாகச் செய்யலாம்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது இணைத்த வாலட். ஒருமுறை இணைத்துவிட்டால் பயணம் முடிந்ததும் ஓடிபி கேட்காமல் பணம் போகும்படி வைத்திருப்பார்கள், அதன் சௌகரியமே அதுதான். கணக்கு வேறு ஒருவர் கையில் உயிர்பெற்றால் அவர் போகும் வண்டிக்கு இவர் வாலட் பணம் கட்டும். அதனால் வாலட் இணைப்பை ஆப்பிலும் துண்டிக்க வேண்டும், வாலட் நிறுவனத்தின் ஆப்பில் இருக்கும் இணைப்புப் பட்டியலிலும் பார்க்க வேண்டும். யுபிஐ ஐடி சேமித்திருந்தால் ஒவ்வொரு முறையும் பின் கேட்கும், பெரிய பயம் இல்லை. ஆனால் மாதாந்திர பாஸ் ஏதாவது எடுத்து ஆட்டோபே ஒப்புதல் கொடுத்திருந்தால், அது யுபிஐ ஆப்பில் தனியாக நிற்கும். ஆப் கணக்கை அழித்ததால் அது தானாக நின்றுவிடும் என்று யாரும் இருந்துவிட வேண்டாம், யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்துவிட வேண்டும். இறங்கும்போது ஓட்டுநரின் க்யூஆரை ஸ்கேன் செய்து கட்டியது உங்கள் கணக்கில் வராது, அது வங்கிக் கணக்கின் வரலாறு. சென்னையில் பாதி ஆட்டோக்காரர்கள் ஏறுவதற்கு முன்பே போன் செய்து "கேஷா, ஜிபேயா" என்றுதானே கேட்கிறார்கள்.

சரி, எல்லாவற்றையும் உடனே அழித்துவிடு என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கும் சட்டக் கட்டாயங்கள் இருக்கின்றன. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி கணக்குப் புத்தகங்களை ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பயண பில் அதில் வரும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், ஆப்பில் உருவாகும் தரவைக் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 24 மாதம் இந்தியாவில் உள்ள சர்வரில் வைத்திருக்க வேண்டும் என்று இருந்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் வந்த விதிகளும், தரவையும் பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. வண்டியில் ஒரு குற்றம் நடந்து காவல்துறை கேட்டால் பயண விவரம் இருந்தாக வேண்டும், இரவில் தனியாகப் போகிற பெண்ணுக்கு அதுவே பாதுகாப்பு. இதையெல்லாம் யாரும் மறுக்கவில்லை.

ஆனால் பில்லுக்கு என்ன தேவையோ அதை வைத்திருப்பது வேறு, கைக்கு வந்த எல்லாவற்றையும் பில் என்ற பெயரில் வைத்திருப்பது வேறு. இருநூறு ரூபாய் ஆட்டோ சவாரிக்கு வரி கணக்குக் காட்ட எந்தக் கதவு எண்ணில் இறங்கினார் என்பது எதற்கு? தேதி, தொகை, வரி, பில் எண், மாநிலம், வேண்டுமானால் பகுதியின் பெயர். ஹோம் என்ற சீட்டு எந்த பில்லிலும் வராது, க்ரெஷ் என்ற பெயரை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. சேமித்த இடங்கள் முழுக்க முழுக்க வாடிக்கையாளரின் வசதிக்காக இருந்தவை. அவர் போனதும் அவற்றை வைத்திருக்க ஒரு காரணமும் மிச்சம் இல்லை. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்று 2023 சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. அழிக்கக் கேட்கும் உரிமை 12-ஆம் பிரிவில் இருக்கிறது. இந்தக் கடமைகள் முழுமையாக நடைமுறைக்கு வர விதிகள் 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கின்றன, அதாவது 2027 மே. அதுவரை காத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

கட்டாயம் வந்த பிறகுதான் செய்வோம் என்பது உங்கள் தொழிலில் பழைய பழக்கம். 2017 ஜனவரியில் அமெரிக்காவில் ஊபருக்கு எதிராகக் கணக்கை அழிக்கும் இயக்கம் கிளம்பி, 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அழிக்கக் கேட்டபோது, அந்த நிறுவனத்திடம் அதைத் தானாகச் செய்யும் ஏற்பாடே இல்லை. கோரிக்கைகள் குவிந்த பிறகு அவசரமாக உருவாக்கினார்கள். ஆப்புக்குள்ளேயே கணக்கை அழிக்கும் வழி இருக்க வேண்டும் என்று ஆப்பிள் 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியது. கூகுள் அதற்கடுத்து, ஆப்பை மறுபடி இன்ஸ்டால் செய்யாமலே வலைப்பக்கம் வழியாக அழிக்கக் கேட்கும் வழியும் வேண்டும் என்றது. தற்காலிகமாக முடக்குவதை அழித்தல் என்று காட்டக் கூடாது என்று இருவருமே சொல்லியிருக்கிறார்கள். அந்த வலைப்பக்கம் உங்களிடம் இருக்கிறது, ப்ளே ஸ்டோரில் உங்கள் ஆப்பின் தரவுப் பாதுகாப்புப் பகுதியில் அடியில் அதன் இணைப்பும் இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்த வாடிக்கையாளர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

வழி இப்படி மறைந்து கிடப்பதால் வரும் இன்னொரு ஆபத்தும் என் மேசைக்கு வருகிறது. அழிக்கும் இடம் கிடைக்காதவர்கள் கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடுகிறார்கள். கிடைக்கும் எண்களில் சில மோசடிக்காரர்களுடையவை. "கணக்கை அழிச்சுத் தர்றோம், வாலட் பேலன்ஸையும் ரீஃபண்ட் பண்றோம், இந்த ஆப்பை மட்டும் போட்டுக்கோங்க" என்று திரையைப் பகிரும் ஆப்பைப் போடவைத்து, யுபிஐ பின்னை அடிக்கும்போது பார்த்துக்கொள்கிறார்கள். வயதானவர் ஒருவர் அந்த ஆப் பாதி இறங்கிய நிலையில் சந்தேகம் வந்து கடைக்கு ஓடி வந்தார். பணம் போனவர்களிடம் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அடியுங்கள் என்றுதான் சொல்ல முடிகிறது. உங்கள் உதவி எண் உங்கள் ஆப்பிலேயே கண்ணில் படும்படி இருந்தால் அவர் கூகுளுக்குப் போயிருக்க மாட்டார்.

நான் கேட்பது இவ்வளவுதான். கணக்கை அழிக்கும் திரையில், பட்டனுக்கு மேலே, எது இப்போதே போகும், எது 30 நாளில் போகும், எது எந்தச் சட்டத்துக்காக எந்தத் தேதி வரை இருக்கும் என்று தமிழிலும் எழுதுங்கள். எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்று தெளிவாகச் சொல்லாததும், கோரிக்கை வைக்கும் வழியைச் சிக்கலாக வைத்ததும்தான் 2024 ஜனவரியில் நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு ஊபருக்கு 1 கோடி யூரோ அபராதம் அறிவித்ததற்கான காரணங்களில் முக்கியமானவை. அதில் புகார் கொடுத்தவர்கள் பிரான்ஸ் நாட்டு ஓட்டுநர்கள். இங்கே ஓட்டுநரின் கணக்குக்கும் இதே கதிதான், அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

சேமித்த இடங்களையும் கார்டு டோக்கனையும் வாலட் இணைப்பையும் 30 நாள் அவகாசத்தில் சேர்க்காதீர்கள். அழிக்கச் சொன்ன நொடியிலேயே அவை போகட்டும். மனம் மாறித் திரும்பி வருகிறவர் ஹோம் முகவரியை மறுபடி தட்டுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பில்லுக்காக வைத்திருக்கும் பயணங்களில் ஏறிய இடத்தையும் இறங்கிய இடத்தையும், சட்டம் கேட்கும் ஓராண்டு முடிந்ததும் பகுதி அளவுக்குத் தேய்த்துவிடுங்கள். மடிப்பாக்கம், சிறுசேரி என்று இருந்தால் போதும்.

எண் விஷயம் இதையெல்லாம்விட அவசரம். அழிக்கக் கொடுத்த கணக்கையோ, மாதக்கணக்கில் யாரும் தொடாத கணக்கையோ புதுப் போனிலிருந்து ஒருவர் திறந்தால், ஓடிபியை மட்டும் நம்பாதீர்கள். பழைய மின்னஞ்சலுக்கு ஒரு சரிபார்ப்பு அனுப்புங்கள், அல்லது கடைசியாகப் போன இடம் எந்தப் பகுதி என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பழைய கணக்கைத் திறக்காமல் அதே எண்ணில் வெறும் கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கொடுங்கள். வருகிறவருக்கு வேண்டியது ஒரு வண்டி, அது அவருக்குக் கிடைத்துவிடும்.

இதில் உங்களால் செய்ய முடியாதது எது, ஏன் முடியாது என்பதையாவது உங்கள் ஆப்பின் உதவிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். கடைக்கு வருகிறவர்களிடம் நான் அதையே படித்துக் காட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மடிப்பாக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவன்